சங்கத்துக்குப் புது அரிசி மில்: அட்டவணையில் எந்த எண்ணை எழுதுவது?

கேள்வி: ஐயா, நான் மன்னார்குடி பக்கம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். உறுப்பினர்கள் 900 குடும்பம். சங்கத்தின் பழைய ஹல்லர் மில் ஓடாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. எல்லோரும் 12 கி.மீ. தள்ளி உள்ள தனியார் மில்லுக்குத்தான் நெல்லை ஏற்றிப் போகிறோம். 60 கிலோ மூட்டைக்குக் கூலி 90 ரூபாய், வண்டி வாடகை 30 ரூபாய். தவிடு நமக்கு, உமி மில்லுக்கு. புது மில் போட 30 லட்சம் ஆகும் என்று ஒரு இயந்திரக் கம்பெனி விலைப்புள்ளி தந்திருக்கிறது. ஆண்டுக்கு 20,000 மூட்டை அரைக்கலாம், என்.பி.வி., அதாவது நிகர இன்றைய மதிப்பு, 50 லட்சம் என்று ஒரு தாளும் தந்தார்கள். எங்கள் தலைவரோ, "ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கும்போது யார் நெல் அரைக்கப் போகிறார்கள்?" என்கிறார். அடுத்த கூட்டத்தில் நான் மில் வேண்டும் என்று பேச வேண்டும். கடன் கேட்டால் வங்கியிலும் இந்த அட்டவணையைக் கேட்பார்கள். எப்படிப் போடுவது?

பதில்: தலைவர் கேட்டதைத் தடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அட்டவணை முழுவதும் அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கப் போகிறது.

கம்பெனி சொல்லும் 20,000 மூட்டை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மணிக்கு 1 டன், நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள். 1,200 டன் ஆகிறது, 60 கிலோவால் வகுத்தால் சரியாக 20,000 மூட்டை. இது இயந்திரத்தின் வயிற்றளவு. உங்கள் ஊரில் அரைக்க எவ்வளவு நெல் இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

டெல்டாவில் குறுவை ஆனாலும் சம்பா ஆனாலும், அறுத்த நெல்லில் பெரும்பகுதி நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. வீட்டில் தங்குவது சாப்பாட்டு நெல் மட்டும். அதிலும் 2011-இல் இருந்து ரேஷன் அரிசி இலவசம் என்பதால், பல வீடுகளில் இட்லி, தோசைக்கு அந்த அரிசி, மதியச் சோற்றுக்குச் சொந்த அரிசி என்று ஆகிவிட்டது. ஆக, தலைவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க வீடு வீடாகக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கேட்கும் விதம் முக்கியம். நான் தணிக்கை பார்த்த ஒரு சங்கத்தில், "நாம் மில் போட்டால் இங்கே அரைப்பீர்களா?" என்று பேரவைக் கூட்டத்தில் கேட்டார்கள். எல்லாக் கையும் மேலே போயின. முதல் ஆண்டு முடிவில் எதிர்பார்த்த மூட்டையில் பாதிகூட வரவில்லை. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நம் சங்கம் ஒன்று கேட்கும்போது இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, அவ்வளவுதான். அதனால் நீங்கள் வரப்போவதைக் கேட்க வேண்டாம், நடந்து முடிந்ததைக் கேளுங்கள்: "போன வருஷம் எத்தனை மூட்டை அரைத்தீர்கள்? எந்த மில்லில்? எந்தெந்த மாதம்?" தெருவுக்கு ஐந்தாறு வீடாக 60 வீடு கேட்டால் போதும். அப்புறம் நெல் ஏற்றிப் போகும் லோடு ஆட்டோக்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் தை, மாசியில் ஒரு நாளைக்கு எத்தனை நடை போகிறார்கள் என்று விசாரியுங்கள். இரண்டு கணக்கும் ஒன்றையொன்று ஒட்டி வந்தால் அந்த எண்ணை நம்பலாம்.

நீங்கள் விசாரித்து முடிக்கும்வரை, குடும்பத்துக்கு 10 மூட்டை என்று வைத்து நான் கணக்குப் போடுகிறேன். 600 கிலோ நெல், சுமார் 400 கிலோ அரிசி. நாலு பேர் உள்ள வீட்டுக்கு இது நியாயமான அளவு. 900 குடும்பத்துக்கு 9,000 மூட்டை. பக்கத்து ஊர்களில் இருந்து, உறுப்பினர் அல்லாதவர்களும் சேர்த்து, 5,000 மூட்டை வரும் என்று வைப்போம். மொத்தம் 14,000. அதுவும் முதல் ஆண்டே வந்துவிடாது. முதல் ஆண்டு 8,000, இரண்டாம் ஆண்டு 11,000, மூன்றாம் ஆண்டில் இருந்து 14,000.

இனி ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்ப்போம். கூலி 90 ரூபாய். அதோடு உமி. 60 கிலோ நெல்லில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 12 கிலோ உமி மில்லில் தங்கும். செங்கல் சூளைக்காரர்கள் கிலோ 2 ரூபாய்க்கு எடுத்தால் 24 ரூபாய். இந்த 24 ரூபாய் உங்கள் பழைய ஹல்லரில் கிடைத்திருக்காது. ஹல்லரில் இரும்பு உருளை நெல்லைச் சல்லடையோடு வைத்துத் தேய்க்கிறது. உமியும் தவிடும் நொறுங்கி ஒன்றாகக் கலந்து விழும், குருணையும் அதிகம். ரப்பர் உருளை ஷெல்லரில் இரண்டு உருளைகள் வேறு வேறு வேகத்தில் சுழன்று தோலை மட்டும் உரிக்கின்றன. உமி தனியாகப் பறந்துவிடும், தவிடு பாலிஷரில் தனியாக வரும்.

செலவு: மின்சாரம் மூட்டைக்கு 12 ரூபாய். விவசாய பம்புசெட்டுக்குத்தான் இலவச மின்சாரம், மில்லுக்குத் தொழில் மின்கட்டணம்தான். ரப்பர் உருளை, பெல்ட், சல்லடைத் தேய்மானம் 4 ரூபாய். ஏற்றி இறக்கும் சுமைக்கூலி 8 ரூபாய். கூட்டினால் 24. அதாவது உமி விற்ற காசு இந்தச் செலவைத் தாங்கிவிடுகிறது, கூலி 90 ரூபாய் அப்படியே நிற்கிறது. கூட்டத்தில் இதை இப்படியே சொல்லுங்கள், யாருக்கும் பேனா தேவைப்படாது.

மூட்டை வந்தாலும் வராவிட்டாலும் போகிற செலவு தனி. மில் ஓட்டுநர் சம்பளம் ஆண்டுக்கு 2.4 லட்சம், உதவியாளருக்கு 1.56 லட்சம், காப்பீடு, உரிமம், குறைந்தபட்ச மின்கட்டணம் எல்லாம் சேர்த்து 54,000, சில்லறைப் பழுது 50,000. ஆக 5 லட்சம். ஆறாம் ஆண்டு பாலிஷரையும் மோட்டார்களையும் புதுப்பிக்க 2 லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். பத்தாம் ஆண்டு முடிவில் பழைய இயந்திரம் 3 லட்சத்துக்குப் போகும் என்று வைத்திருக்கிறேன்.

பணத்தின் காலமதிப்புக்கு 10 சதவீதம். இதற்குக் காரணம் கேட்டால், உறுப்பினர்களின் வைப்புத்தொகைக்குச் சங்கம் கொடுக்கும் வட்டியை எடுத்து, மில் ஓடாமல் போகும் அபாயத்துக்கு அதன்மேல் கொஞ்சம் சேர்த்தது என்று சொல்லுங்கள். அடுத்த வருஷம் வரும் 110 ரூபாய்க்கு இன்று 100 ரூபாய்தான் மதிப்பு. இப்படிப் பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றப் பெருக்கும் காரணிதான் அட்டவணையின் நான்காவது பத்தி.

| ஆண்டு | மூட்டை | நிகரப் பணம் (லட்சம்) | காரணி (10%) | இன்றைய மதிப்பு (லட்சம்) |
|---|---|---|---|---|
| 0 | – | –30.0 | 1.000 | –30.00 |
| 1 | 8,000 | 2.2 | 0.909 | 2.00 |
| 2 | 11,000 | 4.9 | 0.826 | 4.05 |
| 3 | 14,000 | 7.6 | 0.751 | 5.71 |
| 4 | 14,000 | 7.6 | 0.683 | 5.19 |
| 5 | 14,000 | 7.6 | 0.621 | 4.72 |
| 6 | 14,000 | 5.6 | 0.564 | 3.16 |
| 7 | 14,000 | 7.6 | 0.513 | 3.90 |
| 8 | 14,000 | 7.6 | 0.467 | 3.55 |
| 9 | 14,000 | 7.6 | 0.424 | 3.22 |
| 10 | 14,000 | 10.6 | 0.386 | 4.09 |
| | | | நிகர இன்றைய மதிப்பு | 9.59 |

மூன்றாம் ஆண்டு வரியை மட்டும் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்: 14,000 மூட்டையை 90-ஆல் பெருக்கினால் 12.6 லட்சம், அதில் 5 லட்சம் போக 7.6 லட்சம். மற்ற வரிகளும் இதே மாதிரிதான்.

இந்த 9.59 லட்சம் என்பது பத்து வருஷ லாபம் அல்ல. போட்ட 30 லட்சம் திரும்பி, அதன்மேல் ஆண்டுக்கு 10 சதவீதமும் கிடைத்த பிறகு, இன்றைய காசில் கூடுதலாக நிற்பது. கம்பெனித் தாளில் முதல் ஆண்டில் இருந்தே 20,000 மூட்டை என்று வைத்து, ஆண்டுக்கு 13 லட்சம் வரும் என்று காட்டியிருப்பார்கள். அப்படிப் போட்டால் 50 லட்சம்தான் வரும். கணக்கில் பிழை இல்லை, மூட்டையில்தான் பிழை.

வங்கியிலோ தணிக்கையிலோ இரண்டு இடத்தில் உங்களை நிறுத்துவார்கள். "கடன் வட்டி எங்கே, தேய்மானம் எங்கே?" என்று கேட்பார்கள். 10 சதவீதக் காரணியால் இன்றைய மதிப்புக்குக் குறைக்கும்போதே பணத்தின் விலையைக் கழித்துவிட்டோம். வட்டியையும் எழுதினால் ஒரே செலவை இரண்டு முறை கழித்ததாகும். தேய்மானமும் அப்படித்தான், 30 லட்சத்தை முதல் வரியிலேயே முழுதாகக் கழித்தாகிவிட்டது. கடன் தவணையைக் கட்ட முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்குத் தனித் தாள் வையுங்கள். முதல் ஆண்டில் கையில் வருவது 2.2 லட்சம்தான் என்பதால், அசல் திருப்புவதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் கட்டாயம் கேளுங்கள்.

கணினியில் போடுவதானால் இன்னொரு இடம் வழுக்கும். எக்செல், முதலில் கொடுக்கும் எண்ணை ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். அதனால் முதலீட்டை அடைப்புக்குறிக்கு வெளியே வையுங்கள். நிகரப் பணம் `C2` முதல் `C12` வரை இருந்தால்:

```
=NPV(10%,C3:C12)+C2
```

`C2`-வையும் உள்ளே போட்டால் 9.59-க்குப் பதிலாக 8.71 என்று காட்டும்.

சரி, இப்போது இந்த அட்டவணையை நாமே உடைத்துப் பார்ப்போம். கூட்டத்தில் மற்றவர்கள் உடைப்பதற்கு முன் நீங்கள் உடைத்துக் காட்டினால்தான் உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும்.

பக்கத்து ஊர் மூட்டை ஒன்றுகூட வராமல், இரண்டாம் ஆண்டில் இருந்து 9,000-த்தோடு நின்றுவிட்டால் நிகர இன்றைய மதிப்பு கழித்தல் 11.74 லட்சம். அதாவது உறுப்பினர்களின் நெல் மட்டும் இந்த 30 லட்சம் மில்லைத் தாங்காது. மூன்றாம் ஆண்டில் இருந்து எத்தனை மூட்டை வந்தால் மதிப்பு பூஜ்யத்தில் நிற்கும் என்று பார்த்தால், ஏறத்தாழ 11,600 வருகிறது. ஆக, வெளியூரில் இருந்து குறைந்தது 2,600 மூட்டை நிச்சயமாக வர வேண்டும்.

அடுத்தது கூலி. நீங்கள் மில் திறந்த வாரமே தனியார் மில்லில் கூலியை 75 ரூபாயாக இறக்குவார்கள் என்று எதிர்பாருங்கள். பதிலுக்கு நீங்களும் 75-க்கு இறக்கினால், 14,000 மூட்டை வந்தாலும் மதிப்பு கழித்தல் 2.13 லட்சம். 78 ரூபாய்க்குக் கீழே போனால் சங்கத்துக்கு நஷ்டம். ஆனால் இறக்க வேண்டிய அவசியம் உறுப்பினர்கள் விஷயத்தில் இல்லை. அவர்களுக்கு அங்கே 75-ம் வண்டி 30-ம் சேர்த்து 105, இங்கே 90. தனியார் மில்காரர் வீட்டு வாசலுக்கே இலவசமாக வண்டி அனுப்ப ஆரம்பித்தால் இந்தக் கணக்கு மாறும், அதை மறைக்க வேண்டாம். முதலில் நழுவுவது வெளியூர் மூட்டைதான். எந்த ஊர்கள் உங்கள் சங்கத்துக்குக் கிட்டே, எவை அந்த மில்லுக்குக் கிட்டே என்று தூரத்தை அளந்து, கிட்டே உள்ள ஊர்களை மட்டும் கணக்கில் சேருங்கள்.

அட்டவணைக்குள் வராத ஒன்றும் இருக்கிறது. உறுப்பினர்களுக்கு அதுதான் பெரிது: ஒரு மூட்டையில் எத்தனை கிலோ அரிசி வருகிறது என்பது. இந்தப் பலன் சங்கத்தின் கல்லாவுக்கு வராது, உறுப்பினர் வீட்டுக் குதிருக்குப் போகும். அதனால் நிகர மதிப்பில் சேர்க்கக் கூடாது. தனியாகச் சொல்ல வேண்டும், சொல்வதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும்.

ஒரே வயலில் விளைந்த ஆடுதுறை 43 நெல்லை ஒரே அடுப்பில் அவித்து, ஒரே களத்தில் காய வையுங்கள். ஒரு நெல்லைக் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது, அந்த ஈரத்தில் எந்த மில்லில் போட்டாலும் குருணைதான். நன்றாகக் காய்ந்ததும் 60 கிலோ, 60 கிலோவாக இரண்டு மூட்டை நிறுத்து, ஒன்றைத் தனியார் மில்லில், இன்னொன்றை நீங்கள் வாங்க நினைக்கும் அதே மாதிரி இயந்திரம் ஓடும் மில்லில் அரையுங்கள். அரிசி, குருணை, தவிடு மூன்றையும் தனித்தனியாக நிறுங்கள். தராசை நீங்களே கொண்டுபோங்கள். நெல் போடும்போது உருளைக்குக் கீழே கொஞ்சம் கையில் பிடித்துப் பாருங்கள். நூறில் பத்துப் பதினைந்து நெல் உரியாமல் வருவது சரியான ஓட்டம், அதைப் பிரித்து மறுபடி அனுப்பத்தான் செபரேட்டர் இருக்கிறது. ஒரே தடவையில் எல்லாம் உரிய வேண்டும் என்று உருளையை நெருக்கி வைத்திருந்தால் அரிசி நொறுங்கும், ரப்பரும் சீக்கிரம் தேயும்.

அரசு நெல்லை அரைக்கும் ஆலைகளிடம் புழுங்கலுக்கு எதிர்பார்ப்பது 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி. 60 கிலோவுக்கு 40.8 கிலோ. உங்கள் சோதனையில் தனியார் மில் 39 கிலோவும் புது மாதிரி இயந்திரம் 40.5 கிலோவும் தந்தால், வித்தியாசம் ஒன்றரை கிலோ. கிலோ 40 ரூபாய் என்றால் மூட்டைக்கு 60 ரூபாய். வண்டி வாடகை மிச்சம் 30 ரூபாயைச் சேர்த்தால் 90, நீங்கள் வாங்கும் கூலிக்குச் சமம். ஒருவேளை இரண்டு மில்லிலும் ஒரே எடை வந்தால், அரிசி கூடும் என்ற பேச்சை எடுக்காதீர்கள். வண்டி மிச்சத்தை மட்டும் சொல்லுங்கள்.

இரண்டு ஆசைகளை இந்த முறை ஒதுக்கி வையுங்கள். ஒன்று, பாய்லர் வைத்து அவியல் கூடம் கட்டுவது. ஊறல் நீருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும், பாய்லருக்குப் பதிவும் தகுதியுள்ள ஆளும் வேண்டும். வீட்டிலேயே அவித்துக் காயவைத்த நெல் வந்துகொண்டிருக்கும்வரை அது தேவை இல்லை. இன்னொன்று, சங்கமே நெல் வாங்கி அரிசி விற்பது. 1,000 மூட்டை வாங்கினாலே, கிலோ 25 ரூபாய் வீதம் 15 லட்சம் முடங்கும். அது கூலி அரவை அல்ல, வியாபாரம். செய்வதானால் தனி அட்டவணை, தனித் தீர்மானம்.

வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் (2020-இல் தொடங்கியது) 2 கோடி வரையான கடனுக்கு 7 ஆண்டு வரை 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு, விண்ணப்பியுங்கள். கடன் தவணைத் தாளில் அதைக் காட்டுங்கள். மேலே உள்ள அட்டவணையில் சேர்க்க வேண்டாம். சலுகை இருந்தால்தான் நிமிரும் என்றால் அந்த மில் சொந்தக் காலில் நிற்காது.

கூட்டத்தில் படிக்க ஒரு பக்கம் போதும். இப்படி எழுதலாம்:

> தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம். மணிக்கு 1 டன் அரைக்கும் ரப்பர் உருளை அரிசி மில் ஒன்றை, நம் பழைய மில் இடத்திலேயே அமைக்கப் பரிந்துரை செய்கிறேன். இயந்திரம் 20 லட்சம், கொட்டகை, களம் 6 லட்சம், மின் இணைப்பும் பொருத்துதலும் 4 லட்சம், மொத்தம் 30 லட்சம்.
>
> மூட்டைக்குக் கூலி 90 ரூபாய். உமி விற்ற பணம் மின்சாரத்துக்கும் சுமைக்கூலிக்கும் சரியாகிவிடும். சம்பளமும் மற்ற நிலையான செலவும் ஆண்டுக்கு 5 லட்சம். மூன்றாம் ஆண்டில் இருந்து 14,000 மூட்டை வந்தால், போட்ட பணம் 10 சதவீதத்தோடு திரும்பி, அதன்மேல் இன்றைய மதிப்பில் 9.59 லட்சம் மிஞ்சும்.
>
> ரேஷன் அரிசி இருக்கும்போது யார் அரைப்பார்கள் என்று தலைவர் கேட்டார். போன ஆண்டு எத்தனை மூட்டை அரைத்தோம் என்று 60 வீடுகளில் விசாரித்த கணக்கு இத்துடன் இருக்கிறது. நம் உறுப்பினர்களின் நெல் மட்டும் போதாது. ஆண்டுக்கு 11,600 மூட்டைக்குக் குறைந்தால் சங்கத்துக்கு நஷ்டம். அதனால் பக்கத்து ஊர்களிலும் இதேபோல் விசாரித்து, 5,000 மூட்டை இருப்பது உறுதியான பிறகே இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதக் கேட்கிறேன்.

பக்கத்து ஊர் விசாரிப்பில் 5,000 தேறவில்லை என்றால் மில் யோசனையையே கைவிட வேண்டியதில்லை. 9,000 மூட்டைக்கு மணிக்கு அரை டன் இயந்திரம் போதும். ஒரு நாளைக்கு 50 மூட்டை, 180 நாள் வேலை. தை, மாசியில் வரிசை நிற்கும், அதற்கு முறைச்சீட்டு கொடுத்துச் சமாளிக்கலாம். 9,000 மூட்டையில் இழப்பு 11.74 லட்சம் என்று பார்த்தோம். அதனால் மொத்த முதலீடு 18 லட்சத்துக்குள் அடங்கினால் அதே 90 ரூபாய்க் கூலியில் சங்கம் கையைக் கடிக்காமல் நிற்கும். கம்பெனியிடம் இப்போதே இரண்டு அளவுக்கும் விலைப்புள்ளி கேட்டு வாங்கிவிடுங்கள். பழைய கொட்டகையின் கூரையும் தரையும் தாங்குமா என்று ஒரு பொறியாளரை வைத்துப் பார்த்து, அந்த 6 லட்சத்தில் எவ்வளவு குறையும் என்றும் எழுதி வாங்குங்கள்.